ஆதாரின் பின்பக்கமும் வீட்டுக்காரர் கையெழுத்தும்

ஆதார் அட்டையில் முன்பக்கம் பெயரும் புகைப்படமும் இருக்கும். முகவரி பின்பக்கத்தில். சென்னையில் வீடு தேடிய ஒரு தங்கை சொன்னாள்: "அக்கா, ஜெராக்ஸை வாங்கினதும் முதல்ல திருப்பிப் பார்க்கிறாங்க. மூஞ்சியப் பார்க்கிறதே இல்ல."

விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள் அவள். ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவளுடைய ஆதாரின் பின்பக்கத்தில், தெருப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், "ஆதிதிராவிடர் காலனி" என்று இருந்தது. ஊரில் அஞ்சல்காரருக்கு வழி சொல்ல அரசு வைத்த பெயர் அது. சென்னையில் அது சாதிச் சான்றிதழாக வேலை செய்கிறது. தாசில்தாரிடம் வாங்கும் சான்றிதழை நாம் யாருக்குக் காட்டுவது என்று நாம்தான் முடிவு செய்கிறோம். இந்தச் சான்றிதழையோ சிம் கார்டு கடைக்காரரும் வீட்டுத் தரகரும் ஜெராக்ஸ் போடும் பையனும்கூடப் படிக்கிறார்கள்.

அவள் பார்த்த முதல் வீட்டில் அட்வான்ஸ் பேசி முடித்த பிறகு ஜெராக்ஸ் கேட்டார்கள். கொடுத்தாள். மறுநாள் காலை போன் வந்தது: "எங்க சொந்தக்காரங்களே வர்றாங்கம்மா, தப்பா நினைச்சுக்காதே." அந்த வீட்டு வாசலில் "டு-லெட்" பலகை அதற்கடுத்த மாதமும் தொங்கியது. அவளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

தோழர்களே, முகவரிச் சான்று என்றதும் நம் பிள்ளைகளே "அது பேப்பர் வேலைதானே, இ-சேவை மையத்துல முடிஞ்சிரும்" என்கிறார்கள். முடியாது. புது ஊரில் நீங்கள் வாழ்கிறீர்கள் என்பதற்கு அரசு யாரைச் சாட்சியாக வைத்திருக்கிறது என்று கவனியுங்கள். மின் கட்டண ரசீது வீட்டு உரிமையாளர் பெயரில். தண்ணீர் வரியும் சொத்து வரியும் அவர் பெயரில். வாடகை ஒப்பந்தத்துக்கு அவர் கையெழுத்து. பதிவு செய்த ஒப்பந்தம் என்றால் கையெழுத்தோடு அவரும் வர வேண்டும். பட்டியலைப் பார்த்தால் பத்துப் பதினைந்து ஆவணங்கள் இருப்பதுபோலத் தெரியும். வாடகைக்கு இருப்பவர் கண்ணால் பார்த்தால் அதில் பெரும்பகுதி ஒரே ஆளிடம் போய் நிற்கிறது. அந்த ஆள்தான் நம் ஜெராக்ஸைத் திருப்பிப் பார்த்த ஆள்.

பழைய முகவரி உங்கள் சாதியைச் சொல்கிறது. புது முகவரி வேண்டுமென்றால் பழைய முகவரியைப் படித்தவர் மனது வைக்க வேண்டும். நம்மை அடைக்க இதைவிட நல்ல பூட்டை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. யாரும் திட்டமிடவும் இல்லை என்பதுதான் இதில் கசப்பு. சொத்துள்ளவர்களை மனதில் வைத்து எழுதிய பட்டியல் இது. அதில் நாம் வருவோம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"எல்லா வீட்டுக்காரரும் சாதி பார்த்தா மறுக்கிறாங்க?" என்று கேட்பீர்கள். இல்லை. அந்தத் தங்கைக்கு இரண்டாவதாக வீடு கொடுத்த அம்மா சாதி எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் எழுதவும் மாட்டேன் என்றுவிட்டார். வாடகை வருமானம் கணக்கில் வந்துவிடும், வரி ஏறிவிடும், நாளைக்கு வாடகைக்கு இருப்பவர் காலி செய்ய மறுத்தால் இந்தக் காகிதமே எதிராக நிற்கும் என்ற பயம். அந்தப் பயம் சாதி பார்க்காதுதான். ஆனால் ஒரே சொல்லில் முடிகிற மறுப்பு இருவருக்கும் ஒன்றாகவே விழுவதில்லை. சென்னையில் மாமா வீடு இருப்பவன் மாமா வீட்டு முகவரியில் ஆதாரை மாற்றிக்கொள்கிறான். இவளுக்குச் சென்னையில் யாரும் இல்லை. அவள் வீட்டிலிருந்து நகரத்துக்கு வந்த முதல் ஆள் அவள்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அது. இதைப் படித்துவிட்டு வெளியே வாருங்கள். பத்து மாத அட்வான்ஸ், வாய்ப்பேச்சு, கேட்டால் "இஷ்டம்னா இரு". எழுதிக் கொடுப்பவர்களும் பதினோரு மாதத்துக்கு எழுதுகிறார்கள். ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று பதிவுச் சட்டம் சொல்வதால் ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்ட பழைய தந்திரம் அது. அப்படிப் பதிவாகாத காகிதத்தைக் கொண்டுபோனால், வாக்காளர் படிவத்தில் "பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம்" என்று கேட்கிறார்கள். ஒரு சட்டத்தை ஏய்க்க எழுதிய தாள் இன்னொரு சட்டத்தின் முன்னால் செல்லாக்காசு. நட்டம் வீட்டுக்காரருக்கு இல்லை.

அந்தத் தங்கைக்காக நாங்கள் ஏறி இறங்கியதைச் சொல்கிறேன். உங்களில் பலர் இதே படிகளில் நிற்பீர்கள்.

முதலில் வீட்டுக்கார அம்மாவின் மின் ரசீதை வைத்தே ஆதாரில் முகவரி மாற்ற விண்ணப்பித்தோம். நிராகரித்தார்கள். ரசீதில் இருந்தது அந்த அம்மாவின் பெயர்கூட இல்லை, இறந்துபோன அவருடைய மாமனாரின் பெயர். விண்ணப்பதாரர் பெயரில் ஆவணம் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் தவறுதான். ஆனால் இ-சேவை மையத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை. கட்டணத்தை வாங்கிக்கொண்டு ஏற்றிவிட்டார்கள்.

அடுத்து, குடும்பத் தலைவர் வழியாக மாற்றும் முறை. 2023 ஜனவரியில் வந்த வசதி இது. பதினெட்டு வயது நிரம்பிய யாரும் தன் ஆதார் முகவரியைத் தன் உறவினருக்குக் கொடுக்கலாம். உறவுக்கு ரேஷன் அட்டையோ மதிப்பெண் சான்றோ காட்டலாம், அதுவும் இல்லையென்றால் அவரே உறுதிமொழி எழுதித் தரலாம். அவருக்கு வரும் கோரிக்கையை முப்பது நாளுக்குள் அவர் ஏற்க வேண்டும். நல்ல வசதிதான், யாருக்கு? ஏற்கெனவே நகரத்தில் வேர் விட்ட குடும்பத்துக்கு. நம் தங்கையின் குடும்பத் தலைவர் அதே காலனி முகவரியில்தான் இருக்கிறார்.

மூன்றாவது, ஆதார் ஆணையம் தரும் சான்றிதழ்ப் படிவம். நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், மாநகராட்சி உறுப்பினர், தாசில்தார், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி போன்றவர்கள் இன்னார் இன்ன முகவரியில் வசிக்கிறார் என்று கையெழுத்திட்டுத் தரலாம். கையெழுத்தான நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். அடித்தல் திருத்தல் கூடாது, தேதி விடக் கூடாது, முத்திரை புகைப்படத்தின் மேல் ஏறியிருக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயங்களில்தான் திருப்பி அனுப்புகிறார்கள். நாங்கள் அங்கே வரைக்கும் போகவே இல்லை. வார்டு அலுவலகத்துக்கு மூன்று நாள் நடந்தோம். மூன்றாம் நாள் உதவியாளர் சொன்னார்: "வீட்டு ஓனர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, உடனே போட்டுத் தர்றோம்."

அன்றைக்கு அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் சிரித்தோம். வேறென்ன செய்வது.

வீட்டுக்காரர் இல்லாத வழி வங்கியில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை மாதம் ஆனது, அதனால்தான் இதை எழுதுகிறேன். ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிகளின்படி, ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவருக்கு முகவரி மட்டும் மாறியிருந்தால், புது முகவரியை அவரே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும். அந்த முகவரி உண்மையா என்று வங்கிதான் இரண்டு மாதத்துக்குள் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கடிதம் அனுப்பலாம், ஆள் அனுப்பலாம். சாட்சி தேடும் வேலை நம் தலையிலிருந்து அவர்கள் தலைக்குப் போகிறது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. வங்கி விரும்பினால் ஆவணமும் கேட்கலாம் என்று அதே விதியில் ஒரு வாசல் விட்டிருக்கிறார்கள். "ஆதார்ல மாத்திட்டு வாம்மா" என்று கவுன்ட்டரில் சொல்பவர் அந்த வாசலில்தான் நிற்கிறார். அவரிடம் வாய்ச்சண்டை போட்டுப் பயனில்லை. உறுதிமொழிக் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை கேளுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர யாருக்கும் மனம் வராது. எங்களுக்கும் அப்படித்தான். எழுத்தில் கேட்டதும் மேலாளர் அறைக்குள் கூப்பிட்டு, கணக்கை ஊர்க் கிளையிலிருந்து இங்கே மாற்றும் விண்ணப்பத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்.

வங்கி அனுப்பிய கடிதம் வீட்டுக்கார அம்மாவின் தபால் பெட்டியில் விழுந்தால் கைக்கு வருமா என்று தெரியாது. ஆகவே தங்கை அந்தத் தெரு அஞ்சல்காரரைப் பிடித்துத் தன் பெயரையும் போன் எண்ணையும் கொடுத்து வைத்தாள். அவர் கூப்பிட்டு நேரில் கொடுத்தார். பிறகு புது முகவரியோடு பாஸ்புக். அதில் புகைப்படம் ஒட்டி, அதன்மேல் கிளை முத்திரையும் அதிகாரி கையெழுத்தும் வாங்குங்கள். அது இல்லாத பாஸ்புக்கை ஆதாரில் சான்றாக எடுப்பதில்லை.

அந்தப் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு வாக்காளர் பட்டியலில் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தோம். புதிதாகச் சேர்பவருக்குப் படிவம் 6, ஏற்கெனவே பெயர் இருந்து இடம் மாறுபவருக்குப் படிவம் 8. தெரியாமல் மறுபடியும் 6ஐப் போட்டால் இரண்டு இடத்தில் பெயர் என்ற வம்பு வரும். voters.eci.gov.in தளத்திலேயே செய்யலாம். முகவரிக்கு நடப்பிலுள்ள வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக் போதும். எந்த ஆவணமும் இல்லாதவரையும் ஆவணம் இல்லை என்பதற்காகத் தள்ளிவிட முடியாது, அதிகாரி நேரில் வந்து விசாரிக்க வேண்டும். நடைபாதையில் உறங்குபவருக்கும் வாக்கு உண்டு. அவர் அங்கே உறங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950 கேட்பது "சாதாரணமாக வசிப்பவரா" என்பதை மட்டும்தான். ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருப்பதாலேயே ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று அதன் 20ஆம் பிரிவு சொல்கிறது. சொத்தையும் வசிப்பையும் பிரித்துப் பார்த்த சட்டம் நம்மிடம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. மற்ற அலுவலகங்கள் ஏன் அதைப் படிக்கவில்லை?

விசாரிக்க அலுவலர் வந்தபோது தங்கை வேலையில் இருந்தாள். மேல்வீட்டில் கேட்டதற்கு "அப்படி யாரும் இல்லையே" என்று பதில் வந்திருக்கிறது. ஒப்பந்தம் எழுதாதவர் வேறென்ன சொல்வார்! பட்டியலில் ஒருவர் "இல்லை" என்று ஆவது இப்படித்தான். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது நாம் தெருத்தெருவாகப் பார்த்ததும் இதையேதான். நல்ல வேளை, விண்ணப்பத்தில் அவள் கொடுத்திருந்த எண்ணுக்கு அலுவலர் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள், வந்தார், பார்த்தார், எழுதினார். விண்ணப்பித்ததும் உங்கள் பாகத்தின் அலுவலர் யார் என்று பார்த்து நீங்களே முதலில் கூப்பிடுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தைச் சொல்லுங்கள்.

வாக்காளர் அட்டை புது முகவரியோடு வந்தது. அதை வைத்து ஆதார் மாறியது. நான்கு மாதம்.

விடுதியில் இருக்கும் மாணவர்களுக்கு இவ்வளவு சுற்று இல்லை. கல்லூரி முதல்வரோ டீனோ கையெழுத்திட்ட மாணவர் சான்றோடு விடுதி முகவரியிலேயே வாக்காளராகப் பதியலாம், அல்லது ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம். ஊரிலேயே வைத்துக்கொள்வதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஊராட்சித் தேர்தல் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. நீங்கள் பெயரை நகரத்துக்குக் கொண்டுவந்தால் ஊரில் நம் தெருவுக்கு ஒரு வாக்கு குறைகிறது. பத்து வாக்கில் தலைவர் பதவி போகிற ஊர்கள் நமக்குத் தெரியும். தற்காலிகமாக வெளியே இருப்பதாலேயே ஊரில் வசிப்பவர் என்ற தகுதி போகாது என்று அதே 20ஆம் பிரிவு சொல்கிறது. படிப்புக்காக வந்திருந்தால் யோசித்து முடிவெடுங்கள்.

இனி அந்த ஜெராக்ஸ் விஷயம். வீட்டுக்காரர் அடையாள அட்டை கேட்டால் பான் அட்டையைக் கொடுங்கள். அதில் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, படம் உண்டு, முகவரி கிடையாது. எண்களை மறைத்த ஆதார் என்று ஒன்று தருகிறார்களே, அதில் மறைவது முதல் எட்டு இலக்கங்கள்தான். காலனி மறையாது. போலீஸ் படிவத்தில் நிரந்தர முகவரி கேட்டால் அதை நீங்களே காவல் நிலையத்தில் கொடுப்பதாகச் சொல்லிப் பாருங்கள். எப்போதும் நடக்காது, சில இடங்களில் நடந்திருக்கிறது.

இதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. மறைக்கக் கற்றுக்கொடுப்பதா நம் அரசியல் என்று ஒரு தோழர் என்னிடம் கோபப்பட்டார். அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது. ஒன்றாம் தேதிக்குள் அறை கிடைக்காவிட்டால் வேலையை விட்டு ஊருக்குப் போக வேண்டிய பெண்ணிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

சண்டை போடவும் இடம் இருக்கிறது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955, தீண்டாமையின் பேரில் ஒருவரை எந்த ஊரிலும் எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ விடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், அது தீண்டாமையின் பேரில் நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது மறுத்தவர் பொறுப்பு என்கிறது 12ஆம் பிரிவு. "சொந்தக்காரங்க வர்றாங்க" என்றவர் சொந்தக்காரரைக் காட்டியாக வேண்டும். "சைவம் மட்டும்" என்று பலகை மாட்டுபவரும் யாரை வேண்டாம் என்கிறார் என்று விளக்கியாக வேண்டும். ஆனால் வாடகை மறுப்புக்காக இந்தப் பிரிவில் ஒரு புகாரை எழுதி வாங்கிய காவல் நிலையத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. டு-லெட் பலகையின் படம், போன் அழைப்பின் பதிவு, நாள், நேரம் இவற்றை வைத்திருங்கள். ஒரு வழக்கு சரியாகப் போனால் போதும்.

2025 ஏப்ரலில் "காலனி" என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். ஆனால் கோப்பில் பெயர் மாறினால் கையிலிருக்கும் அட்டையில் தானாக மாறாது. அட்டையில் மாற்ற மறுபடியும் முகவரிச் சான்று, மறுபடியும் கட்டணம், மறுபடியும் ஒருநாள் கூலி. பெயரை வைத்தது அரசு. அழிக்கும் செலவு மட்டும் நம்முடையதா? தெருவின் பெயரை மாற்றும் ஊராட்சியிலேயே முகாம் போட்டு, கட்டணமின்றி, சான்று கேட்காமல் எல்லா அட்டைகளையும் மாற்றித் தர வேண்டும். யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று ஊராட்சிக்குத் தெரியாதா என்ன?

நகரத்துக்கு நாம் கேட்பதும் பெரிய விஷயமில்லை. உஜ்வாலா எரிவாயுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், 2021இலேயே, இடம்பெயர்ந்து வந்தவர் முகவரிச் சான்றுக்குப் பதில் தானே உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும் என்று வைத்தார்கள். வங்கி அதையே செய்கிறது. தேர்தல் ஆணையம் ஆள் அனுப்பிப் பார்க்கிறது. ஆதாருக்கும் ரேஷன் அட்டைக்கும் இதுவே போதும்: நான் எழுதிக் கொடுக்கிறேன், நீங்கள் வந்து பாருங்கள். பொய் சொன்னால் தண்டியுங்கள். "மோசடி நடக்குமே" என்பவர்கள் இறந்துபோன மாமனார் பெயரில் ஓடும் மின் ரசீதுகளைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும். இத்தனைக்கும் ஆதார் நிரந்தர வசிப்பிடத்துக்குச் சான்று ஆகாது என்று ஆதார் சட்டத்தின் 9ஆம் பிரிவே சொல்கிறது. அதையே நிரூபிக்காத அட்டையைத் திருத்தத்தான் ஒரு பெண் நான்கு மாதம் நடந்தாள்.

அவளுடைய ஆதாரின் பின்பக்கத்தில் இப்போது சென்னைத் தெரு ஒன்றின் பெயர் இருக்கிறது. பார்த்துவிட்டு, "ஊர்ல அப்பா அட்டையிலயும் மாத்தணும்க்கா" என்றாள். அவருக்குக் காட்ட வேறு முகவரி இல்லை. அவளோடு வேலை செய்யும் ஒரு தம்பிக்காக வரும் திங்கள்கிழமை வங்கிக்குப் போகிறோம். இரண்டு பிரதிகளையும் அவள்தான் எழுதியிருக்கிறாள்.